மாற்றிய பிறகும் பழைய பக்கமே தெரிவது ஏன்?

இணையதளக் கோப்பு ஒன்றைத் திருத்திச் சேமித்து, சர்வரிலும் ஏற்றியாகிவிட்டது. பிரௌசரைத் திறந்தால் பழைய பக்கமே நிற்கிறது. கோப்பைத் திறந்து பார்த்தால் திருத்தம் அதில் இருக்கிறது, பக்கத்தில்தான் இல்லை. இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அந்தக் கோப்பைப் பிரௌசர் சர்வரிடம் கேட்கவே இல்லை. முன்பு ஒருமுறை வாங்கிவைத்த பிரதி கணினியிலேயே இருந்ததால், அதை எடுத்துப் போட்டுக் காட்டிவிட்டது. இப்படி வாங்கிய கோப்புகளைப் பிரௌசர் சேர்த்துவைக்கும் கிடங்குக்குக் கேஷ் என்று பெயர்.

இதைத் தெளிவாகப் பார்க்க ஓர் அச்சகத்தின் சிறு இணையதளத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் முகப்புப் பக்கம் மூன்று கோப்புகளால் ஆனது. எழுத்துகளும் பக்கத்தின் அமைப்பும் `index.html` என்ற கோப்பில் இருக்கின்றன. நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவை `style.css` என்ற கோப்பில். அச்சகத்தின் சின்னம் `logo.png`. ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போது பிரௌசர் முதலில் `index.html` கோப்பை வாங்கிப் படிக்கிறது. மற்ற இரண்டும் தேவை என்பது அதைப் படித்த பிறகுதான் அதற்குத் தெரியவருகிறது. உடனே அவற்றையும் கேட்டு வாங்குகிறது. பக்கம் ஒன்றாகத் தெரிந்தாலும் வந்துசேர்வது மூன்று தனித்தனிக் கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் கேஷில் தனி இடம், தனிக் கெடு. பின்னால் வரும் குழப்பங்களில் பாதிக்குமேல் இதை மறப்பதால் வருபவை.

அச்சகத்தின் உரிமையாளர் 2025 மார்ச் 3, திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் தம் தளத்தைத் திறந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். `style.css` கோப்பைக் கேட்டதும் சர்வர் கோப்பை மட்டும் அனுப்புவதில்லை. அதற்கு முன்னால் சில வரிகளையும் சேர்த்து அனுப்புகிறது. திரையில் தெரியாத இந்த வரிகளை ஹெடர் என்பார்கள்.

```
HTTP/1.1 200 OK
Content-Type: text/css
Last-Modified: Fri, 10 Jan 2025 05:12:40 GMT
ETag: "5f3a-62b"
Cache-Control: max-age=604800
```

கடைசி வரிதான் இங்கே முக்கியம். 604800 என்பது விநாடிக் கணக்கு; கூட்டிப் பார்த்தால் சரியாக ஏழு நாள். ‘இந்தக் கோப்பை ஏழு நாள் வரை என்னைக் கேட்காமலே பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று சர்வர் அனுமதி கொடுக்கிறது. பால் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் தேதியைப் போன்றதுதான் இது; அந்தத் தேதிவரை யாரும் பால்பண்ணைக்குப் போன் போட்டு விசாரிப்பதில்லை. பிரௌசர் கோப்பையும் அனுமதியையும் சேர்த்தே கேஷில் வைத்துக்கொள்கிறது. அச்சகத்தார் இந்த ஏழு நாளைத் தாமே தேர்ந்தெடுத்திருக்க வேண்டியதில்லை. இடம் வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனமோ, தளத்தை அமைத்துக் கொடுத்தவரோ, வேகத்தைக் கூட்டுவதற்காக நிறுவிய பிளகினோ அந்த வரியை வைத்திருக்கக்கூடும். தம் தளத்துக்கு இப்படி ஒரு கெடு இருப்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது.

இவ்வளவு தாராளமான அனுமதி எதற்கு என்றால், தொலைவுதான் காரணம். சென்னையில் இருக்கும் பிரௌசர் அமெரிக்காவில் இருக்கும் சர்வரிடம் ஒன்றைக் கேட்டுப் பதில் வாங்க, இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும், ஏறத்தாழ கால் விநாடி ஆகிறது. ஒரு பக்கத்துக்கு ஐம்பது, நூறு கோப்புகள் வேண்டியிருக்கும் தளங்கள் ஏராளம். மாதக்கணக்கில் மாறாத சின்னத்தையும் எழுத்துருவையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக வாங்கினால் பார்ப்பவரின் நேரமும் டேட்டாவும் வீணாகும், சர்வருக்கும் சுமை. கேஷ் இல்லாத இணையத்தைப் பயன்படுத்த முடியும், ஆனால் யாரும் விரும்பிப் பயன்படுத்த மாட்டார்கள்.

புதன்கிழமை மாலை 4 மணிக்கு உரிமையாளர் ‘ஆர்டர் செய்ய’ என்ற பொத்தானின் நீல நிறத்தைப் பச்சையாக மாற்றுகிறார். `style.css` கோப்பில் `#1e6fd9` என்று இருந்ததை `#1f8a4c` என்று திருத்திச் சேமித்து, சர்வரில் ஏற்றுகிறார். பிறகு பக்கத்துக்கு வந்து F5 விசையை அழுத்துகிறார். பொத்தான் நீலமாகவே இருக்கிறது. மறுபடி அழுத்தினாலும் நீலம்தான்.

அந்த நேரத்தில் பிரௌசருக்குள் நடப்பது இது. `index.html` மாறியிருக்கிறதா என்று சர்வரிடம் விசாரிக்கிறது; மாறவில்லை என்று பதில் வருகிறது. அந்தப் பக்கத்துக்கு `style.css` தேவை என்பதால் கேஷில் தேடுகிறது. பிரதி கிடைக்கிறது. அது வந்து இரண்டு நாளும் ஆறு மணி நேரமும்தான் ஆகின்றன. ஏழு நாள் கெடுவில் இன்னும் நான்கு நாளுக்குமேல் மிச்சம். ஆகவே சர்வரைத் தொந்தரவு செய்யாமல் பிரதியை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கோப்புக்கான கோரிக்கை கணினியை விட்டு வெளியே போகவே இல்லை. சர்வரின் பதிவேட்டைப் புரட்டினாலும் அந்த நேரத்தில் `style.css` கேட்கப்பட்டதற்கான தடயம் இருக்காது. பிரௌசர் தவறேதும் செய்யவில்லை. திங்கட்கிழமை கிடைத்த அனுமதியை அப்படியே பின்பற்றியது.

சர்வரால் இந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. எச்டிடிபி முறையில் எப்போதும் பிரௌசர்தான் முதலில் பேச வேண்டும். சர்வர் பதில் மட்டும் சொல்லும். ‘நான் கொடுத்த கோப்பு பழையதாகிவிட்டது’ என்று தானாகப் போய்ச் சொல்ல அதற்கு வழியில்லை. பிரௌசரோ கெடு முடியும்வரை கேட்கப்போவதில்லை. எனவே ஏழு நாள் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அன்று அந்தப் பிரதியை வாங்கிய ஒவ்வொரு கணினியிலும் அது அடுத்த திங்கட்கிழமை வரை செல்லும். சர்வரில் அமைப்பைத் திருத்தி ஒரு மணி நேரம் என்று குறைத்தாலும், அந்தத் திருத்தம் இனிமேல் வாங்குபவர்களுக்குத்தான் பொருந்தும்.

கெடு முடிந்ததும் பிரௌசர் பழைய பிரதியைத் தூக்கியெறிந்துவிடுவதில்லை. முதலில் விசாரிக்கிறது. மேலே பார்த்த ஹெடரில் `ETag` என்ற வரி அந்தக் கோப்பின் அப்போதைய வடிவத்துக்கான அடையாளம். `Last-Modified` அது கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம். இரண்டையும் குறிப்பிட்டுப் பிரௌசர் கேட்கிறது:

```
GET /style.css HTTP/1.1
If-None-Match: "5f3a-62b"
If-Modified-Since: Fri, 10 Jan 2025 05:12:40 GMT
```

கோப்பு மாறாமல் இருந்தால் சர்வர் `304 Not Modified` என்று மட்டும் பதில் சொல்லும். கோப்பு மறுபடி வராது. கையிலிருக்கும் பிரதிக்குப் புதிதாகக் கெடு கிடைத்துவிடும். மாறியிருந்தால் `200 OK` என்ற பதிலுடன் புதுக் கோப்பு வரும். இந்த விசாரிப்பு முறை பழையது. திருத்தப்பட்ட நேரத்தை வைத்துக் கேட்பது 1996-இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே உண்டு. `Cache-Control`, `ETag` இரண்டும் 1997-இல் வந்த 1.1 பதிப்பில் சேர்ந்தவை. விதிகளின் இன்றைய வடிவம் 2022 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9111 என்ற ஆவணத்தில் இருக்கிறது.

இதுவரை சொன்னது சர்வர் கெடுவை வெளிப்படையாகச் சொல்லும்போது நடப்பது. பல சிறு தளங்களின் சர்வர்கள் `Cache-Control` வரியையே அனுப்புவதில்லை. அப்படியானால் பிரௌசர் எதையும் சேர்த்துவைக்காது என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் அப்போது பிரௌசர் தானே ஒரு கெடுவை ஊகித்துக்கொள்கிறது. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்டு எவ்வளவு காலம் ஆகிறதோ அதில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு; எச்டிடிபி ஆவணங்களே எடுத்துக்காட்டாகச் சொல்லும் அளவு அது. நெடுங்காலம் மாறாத கோப்பு இன்னும் கொஞ்ச காலம் மாறாமல் இருக்கும் என்பது இதன் பின்னாலுள்ள எண்ணம்.

அச்சகத்தின் கோப்பையே இப்படிக் கணக்கிடலாம். ஜனவரி 10-இல் திருத்தப்பட்டது. மார்ச் 3-இல் பிரௌசர் வாங்கியது. இடைவெளி 52 நாள். அதில் பத்தில் ஒரு பங்கு ஐந்து நாளுக்குச் சற்று அதிகம். சர்வர் எதுவுமே சொல்லாவிட்டாலும் சனிக்கிழமை வரை நீலப் பொத்தான்தான் தெரிந்திருக்கும்.

இந்தக் கணக்கு ஒரு விசித்திரத்தையும் விளக்குகிறது. பல மாதம் தொடாத கோப்பில் முதல் திருத்தம் செய்யும்போது அது தெரிவதில்லை. எப்படியோ ஒருமுறை புதுப் பிரதியை வாங்கவைத்துவிட்டால், அதன்பின் செய்யும் சின்னச் சின்னத் திருத்தங்கள் உடனுக்குடன் தெரிகின்றன. பத்து நிமிடத்துக்கு முன் திருத்திய கோப்புக்கு ஊகக் கெடு ஒரே நிமிடம் என்பதால் அப்படி. நாள் முழுதும் எல்லாம் சரியாக வந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மீண்டும் கை வைத்தால் பழைய தொல்லை திரும்பும். ‘சில நேரம் தெரிகிறது, சில நேரம் தெரியவில்லை’ என்று குழம்புபவர்கள் பலரிடம் இருப்பது இந்த ஊகக் கெடுதான். பயிற்சிக்காகச் சொந்தக் கணினியிலேயே `python -m http.server` கட்டளையால் சர்வர் ஓட்டுபவர்களுக்கும் இது நேரும். அந்தச் சிறு சர்வர் திருத்திய நேரத்தைச் சொல்கிறது, கெடுவைச் சொல்வதில்லை.

F5 ஏன் உதவவில்லை என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. முன்பு அது உதவியது. பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால், கெடு மிச்சமிருந்தாலும் பக்கத்திலுள்ள ஒவ்வொரு கோப்பையும் பிரௌசர் சர்வரிடம் விசாரித்துக்கொண்டிருந்தது. இதனால் பெரிய தளங்களுக்கு `304` என்ற ஒரே பதிலைக் கோடிக்கணக்கில் சொல்லவேண்டியிருந்தது. ஃபேஸ்புக்கின் பொறியாளர்கள் இதைச் சுட்டிக்காட்ட, குரோம் தன் நடத்தையை மாற்றிக்கொண்டது. புது முறையில் ரெஃப்ரெஷ் செய்யும்போது முதன்மைப் பக்கம் மட்டும் விசாரிக்கப்படும். அதற்குள்ளிருக்கும் சிஎஸ்எஸ், படம், ஸ்கிரிப்ட் எல்லாம் தத்தம் கெடுவின்படி நடத்தப்படும். இதனால் விசாரிப்புகள் 60 விழுக்காடு குறைந்தன, பக்கங்கள் 28 விழுக்காடு வேகமாக வந்தன என்று 2017 ஜனவரியில் குரோம் குழு அறிவித்தது. பார்ப்பவர்களுக்கு இது நன்மை. தளத்தைத் திருத்துபவர்களுக்கு மட்டும், ‘ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்கள்’ என்ற பழைய அறிவுரை அன்றோடு பாதி செல்லாததாகிவிட்டது.

ஹார்ட் ரெஃப்ரெஷ் அந்தப் பழைய நடத்தையையும் தாண்டியது. விண்டோஸிலும் லினக்ஸிலும் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் Ctrl+Shift+R அழுத்த வேண்டும். Ctrl+F5 அழுத்தினாலும் அதே வேலைதான். மேக் கணினியில் குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் Cmd+Shift+R, சஃபாரிக்கு Cmd+Option+R. இதை அழுத்தியதும் பிரௌசர் தன் கேஷைப் பார்ப்பதில்லை. தன்னிடம் பிரதி இருப்பதாகச் சர்வரிடம் சொல்வதும் இல்லை. ஒவ்வொரு கோப்பையும் முதன்முறை வருபவரைப் போலக் கேட்கிறது:

```
GET /style.css HTTP/1.1
Cache-Control: no-cache
Pragma: no-cache
```

`If-None-Match` வரி இல்லாததால் சர்வரால் `304` என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முழுக் கோப்பையும் அனுப்பியாக வேண்டும். நடுவில் யாராவது பிரதி வைத்திருந்தால் அதையும் கொடுக்காமல் மூலத்திலிருந்து வாங்கித் தரவேண்டும் என்ற வேண்டுகோள்தான் `no-cache`. இரண்டாவது வரி, `Cache-Control` தெரியாத பழங்காலச் சர்வர்களுக்காக இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது.

புதன்கிழமை 4.10-க்கு உரிமையாளர் Ctrl+Shift+R அழுத்துகிறார். பச்சைப் பொத்தான் வந்துவிடுகிறது. வந்த புதுக் கோப்பு பழைய பிரதி இருந்த இடத்தில் சேமிக்கப்படுகிறது. அதோடு புதிய ஏழு நாள் கெடுவும் வந்துவிட்டது. வியாழக்கிழமை அவர் அந்தப் பச்சையை இன்னும் அடர்த்தியாக்கிவிட்டு F5 அழுத்தினால், புதன்கிழமைப் பச்சையே தெரியும். ஹார்ட் ரெஃப்ரெஷ் அந்த ஒரு முறைக்கு மட்டும் கேஷை ஒதுக்குகிறது, கேஷை அணைத்துவைப்பதில்லை. திருத்த வேலை தொடர்ந்து நடக்கும்போது, F12 அழுத்தி வரும் கருவிப் பலகையில் `Network` பகுதிக்குப் போய் `Disable cache` என்பதைத் தேர்வு செய்வது நல்லது. பலகை திறந்திருக்கும்வரை அந்தத் தாவலில் கேஷ் இயங்காது. மூடினால் பழையபடி இயங்கத் தொடங்கிவிடும்.

ஹார்ட் ரெஃப்ரெஷுக்கு எட்டாத இடங்களும் உண்டு. அது திறந்திருக்கும் பக்கத்தின் கோப்புகளைத்தான் புதிதாக வாங்கும். இன்னொரு பக்கத்தில் மட்டும் இருக்கும் படம் பழையதாகவே கேஷில் கிடக்கும். பக்கம் வந்து முடிந்த பிறகு, ஒரு பொத்தானை அழுத்தும்போது ஸ்கிரிப்ட் தேடி எடுக்கும் கோப்புகளும் தப்பிவிடலாம். குரோமில் கருவிப் பலகை திறந்திருக்கும்போது ரெஃப்ரெஷ் பொத்தானின் மேல் வலது சொடுக்கு கொடுத்தால் `Empty Cache and Hard Reload` என்ற தேர்வு வரும். அது கேஷை முதலில் காலிசெய்துவிடுவதால் அந்த வழியும் அடைபடுகிறது. கைபேசியில் இந்த விசைகளே இல்லை. அங்கே குரோமின் அமைப்புகளில் `Cached images and files` என்பதை அழிக்க வேண்டும், அல்லது மறைநிலைத் தாவலைப் புதிதாகத் திறந்து பார்க்க வேண்டும்.

பழியைக் கேஷின் மேல் போடுவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும். சிஎஸ்எஸ் கோப்பின் முழு முகவரியைப் பிரௌசரில் தனியாகத் திறந்து, முகவரியின் கடைசியில் `?x=1` என்று சேர்க்க வேண்டும். கேஷில் ஒவ்வொரு பிரதியும் அதன் முழு முகவரியின் பேரில்தான் வைக்கப்படுகிறது. `style.css` வேறு, `style.css?x=1` வேறு. இரண்டாவதை யாரும் இதற்குமுன் கேட்டிராததால் அது சர்வரிலிருந்து புதிதாக வரும். சர்வரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கோப்புதான். அதில் இன்னும் `#1e6fd9` இருந்தால் சர்வரில் இருப்பதே பழைய கோப்பு. கோப்பு ஏறவில்லை, அல்லது வேறு கோப்புறையில் ஏறியிருக்கிறது, அல்லது எடிட்டரில் சேமிக்கப்படவே இல்லை. எத்தனை முறை ஹார்ட் ரெஃப்ரெஷ் செய்தாலும் பயனில்லை. இது கேஷின் வேலையே அல்ல.

அதில் `#1f8a4c` இருந்து, ஹார்ட் ரெஃப்ரெஷ் செய்ததும் பக்கமும் சரியாகிவிட்டால், சிக்கல் அந்தக் கணினியின் கேஷோடு முடிந்தது. கோப்பின் சாதாரண முகவரியிலும் புது நிறமே இருந்து பொத்தான் மட்டும் நீலமாக இருந்தால், வேறொரு சிஎஸ்எஸ் விதி அதை மறைக்கிறது என்று பொருள். கோப்பு எங்கிருந்து வந்தது என்பதை `Network` பகுதியே சொல்லும். அளவு காட்டும் இடத்தில் `disk cache` அல்லது `memory cache` என்று இருந்தால் அது சர்வரைக் கேட்காமல் எடுத்தது. நிலை `304` என்றால் கேட்டு உறுதிசெய்தது. கிலோபைட் அளவுடன் `200` என்றால் வெளியிலிருந்து முழுதாக வந்தது.

நான்காவது நிலை ஒன்று இருக்கிறது. `?x=1` சேர்த்தால் பச்சை, சேர்க்காவிட்டால் ஹார்ட் ரெஃப்ரெஷ் செய்த பிறகும் நீலம். பிரௌசருக்கும் சர்வருக்கும் நடுவே இன்னொரு கேஷ் உட்கார்ந்திருப்பதன் அடையாளம் இது. பல தளங்கள் இன்று கிளவுட்ஃப்ளேர் போன்ற சிடிஎன் சேவைகளின் பின்னால் இருக்கின்றன. உலகின் பல நகரங்களில் இவர்களுக்குச் சர்வர்கள் உண்டு. தளத்தின் கோப்புகளைப் பிரதியெடுத்து வைத்து, பார்ப்பவருக்கு அருகிலிருந்து கொடுப்பது அவர்களின் பணி. ஹார்ட் ரெஃப்ரெஷ் அனுப்பும் `no-cache` வேண்டுகோளைச் சிடிஎன்கள் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. அதில் நியாயமும் இருக்கிறது: யார் வேண்டுமானாலும் ஒரு விசையை அழுத்தி மூல சர்வரைத் தொந்தரவு செய்யலாம் என்றால், நடுவில் அவர்கள் இருந்து பயனில்லை. இந்த நிலையில் வரும் பதிலின் ஹெடரில் `Age: 86400` போன்ற வரி இருக்கக்கூடும். பிரதி அங்கே ஒரு நாளாகக் கிடக்கிறது என்று அர்த்தம். தீர்வு, அந்தச் சேவையின் கணக்குக்குள் போய்ப் பர்ஜ் செய்வது, அதாவது அவர்களிடமுள்ள பிரதிகளை அழிக்கச் சொல்வது. வேர்டுபிரஸ் தளங்களில் கேஷ் பிளகின் இருந்தால், முழுப் பக்கத்தின் பிரதியை அது சர்வரிலேயே வைத்திருக்கும். அதையும் தனியாகக் காலிசெய்ய வேண்டியிருக்கும்.

உரிமையாளரின் திரையில் பச்சை வந்துவிட்டது என்பதால் வாடிக்கையாளர்களின் திரையிலும் வந்துவிட்டது என்று ஆகாது. திங்கட்கிழமை தளத்தைப் பார்த்தவர்கள் எல்லோரிடமும் நீலப் பிரதி இருக்கிறது. அவர்களில் யாரும் Ctrl+Shift+R அழுத்தப் போவதில்லை, அழுத்தச் சொல்லவும் முடியாது. நிறம் மட்டும் என்றால் பரவாயில்லை. உரிமையாளர் `index.html` கோப்பில் புதிதாக ஒரு விலைப்பட்டியலைச் சேர்த்து, அதன் கட்டங்களுக்கான விதிகளை `style.css` கோப்பில் எழுதியிருந்தால் நிலைமை மோசம். வாடிக்கையாளரின் பிரௌசர் புது எச்டிஎம்எல்லை வாங்கி, அதற்குப் பழைய சிஎஸ்எஸ்ஸை மாட்டிவிடும். பட்டியல் கட்டங்கள் இல்லாமல் சிதறிக் கிடக்கும். ‘உங்கள் தளம் உடைந்திருக்கிறது’ என்று போன் வரும். உரிமையாளர் தம் திரையைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஹார்ட் ரெஃப்ரெஷை மட்டும் நம்பும் பழக்கத்தின் பெரிய ஆபத்து இதுதான்: திருத்தியவரின் கண்ணிலிருந்து சிக்கலை அது மறைத்துவிடுகிறது.

கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்பதால், அதைச் சுற்றிப் போவதே வழி. மேலே சோதனைக்குப் பயன்பட்ட உத்தியையே நிரந்தரமாக்கலாம். எச்டிஎம்எல்லில் சிஎஸ்எஸ் கோப்பைக் குறிப்பிடும் வரியில் ஓர் எண்ணைச் சேர்த்து, ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும்:

```
<link rel="stylesheet" href="style.css?v=2">
```

வாடிக்கையாளரிடம் இருக்கும் பழைய பிரதி `style.css` என்ற முகவரியின் பேரில் இருக்கிறது. புது எச்டிஎம்எல் கேட்பது `style.css?v=2`. கேஷில் அந்தப் பேரில் எதுவும் இல்லாததால் பிரௌசர் சர்வரிடம் போயே ஆகவேண்டும். பழைய பிரதி கெடு முடியும்வரை கேட்பாரற்றுக் கிடக்கும். பெரிய தளங்களில் எண்ணைக் கையால் மாற்றுவதில்லை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஓர் எழுத்துச் சரத்தை `style.8c41f0.css` என்பதுபோல் பெயரிலேயே மென்பொருள் சேர்த்துவிடும். ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறும். பெயருக்கும் உள்ளடக்கத்துக்கும் இப்படி முடிச்சுப் போட்டுவிட்டால் ஏழு நாள் என்ன, ஓராண்டுக் கெடுவே கொடுக்கலாம். `max-age=31536000` என்ற எண் பல தளங்களில் தென்படுவது அதனால்தான். வேர்டுபிரஸ் தன் கோப்புகளுக்கு `?ver=` என்று தானே ஒட்டுகிறது. ஆனால் அந்த எண் தீமின் பதிப்பாகவோ வேர்டுபிரஸின் பதிப்பாகவோ இருப்பதுதான் வழக்கம். தீமின் சிஎஸ்எஸ்ஸைக் கையால் திருத்திவிட்டுப் பதிப்பு எண்ணை அப்படியே விட்டால் முகவரி மாறாது. பழைய பிரதியும் நகராது.

எண் ஒட்டும் உத்தி, எச்டிஎம்எல் புதிதாக இருந்தால்தான் பலிக்கும். `?v=2` என்ற செய்தி அதில்தானே இருக்கிறது. `index.html` கோப்புக்கும் ஏழு நாள் கெடு கொடுத்திருந்தால், மறுமுறை இணைப்பைச் சொடுக்கி வரும் வாடிக்கையாளர் பழைய பக்கத்தையும் அது சொல்லும் பழைய சிஎஸ்எஸ்ஸையுமே பார்ப்பார். ஆகவே பக்கங்களுக்கு மட்டும் `Cache-Control: no-cache` என்று வைப்பது நல்ல நடைமுறை. சேமித்து வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்து என்பதுதான் இதன் பொருள். சேமிக்கவே கூடாது என்றால் `no-store` என்று சொல்ல வேண்டும். மாறாத பக்கத்துக்கு ஒரு சிறு `304` பதிலோடு வேலை முடிந்துவிடும்.

பெயரை மாற்றவே முடியாத கோப்புகளும் அச்சகத்திடம் உண்டு. விலைப்பட்டியலின் பிடிஎஃப் கோப்பு `rates.pdf` என்ற முகவரியில் இருக்கிறது. அந்த இணைப்பு வாட்ஸ்அப்பில் நூறு பேருக்குப் போயிருக்கிறது, பில்லின் பின்புறமும் அச்சாகியிருக்கிறது. அவர்களிடம் `?v=2` சேர்த்துக்கொள்ளச் சொல்ல முடியாது. காகித விலை ஏறும்போதெல்லாம் திருத்தவேண்டிய கோப்பு அது. அதற்கும் பக்கங்களைப் போலவே `no-cache` கொடுத்துவிட வேண்டும், அதுவும் முதல்முறை ஏற்றும்போதே. ஏழு நாள் அனுமதியோடு ஒருவருடைய கைபேசிக்குப் போய்ச் சேர்ந்த பழைய விலை, அந்த ஏழு நாளும் அங்கேதான் இருக்கும்.